மங்கலச் சொல்லும் இராச் சொல்லும்

நன்னூற் சொல்லதிகாரம் பயிலப் புகுந்த மாணவர் முதலில் மனனஞ் செய்யும் பகுதிகளுள் ஒன்று, வழக்கு ஆறு என்பது. அவ்வாறனுள் தகுதி வழக்கு மூன்று. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாய்ப் பரீட்சைதோறும் எழுதப்பெற்று, எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் ஒருங்கே சலிப்புத் தருவன. மங்கலத்திற்கு வருவனவும் அங்ஙனமே: செத்தாரைத் துஞ்சினார் என்றல், சுடுகாட்டை நன்காடு என்றல், ஓலையைத் திருமுகம் என்றல். இம்மூன்றையும் எழுதி முழு மதிப்பெண் பெற்ற யாமும், அவ்வழக்கு நூலுள் மட்டும் வாழ்வதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எம் வீட்டு அடுக்களையில் அது நாள்தோறும் வழங்குவதைக் கடந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் கண்டோம். ஒரு நாள் இரவில் அது ஓர் உயிருக்கு உலை வைக்கவும் பார்த்தது. அவ்விரண்டையும் நம் மாணவரோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னர் ஒரு வேறுபாடு கூறுதல் வேண்டும். இடக்கரடக்கலும் மங்கலமும் ஒரு சொல்லை மறைத்து வேறொன்றைச் சொல்லுதலால் ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும் 'கால் கழுவி வந்தேன்' என்பான், அவையோர் முகஞ்சுளிப்பரே என்று நாணி அங்ஙனம் கூறுகின்றான். தனியே இருப்பின் அவனுக்கு அந்நாணம் இல்லை. 'துஞ்சினார்' என்பான் நாணுவதில்லை, அஞ்சுகின்றான். தனியே இருப்பினும் அஞ்சுவான். சொல்லானது பொருளைச் சுட்டுவதோடு நில்லாது, அதனை நிகழ்விக்கவும் வல்லது என்னும் நினைவே அவ்வச்சத்தின் வேர். அவ்வச்சமும் ஒருவகைத்தன்று, இருவகைத்து என்பது எம் கருத்து. அதனைப் பின்னர் விளக்குவோம்.

எம் ஊர் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்தது. எம் வீட்டில் உச்சியிற் சிலுவை வைத்த குத்துவிளக்கு ஒன்று உண்டு. பண்டிகை நாட்களில் மட்டும் அஃது ஏற்றப்படும். கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை முடிந்து அனைவரும் வீடு திரும்பியபின், எம் சிற்றப்பாவின் மகள், ஏழு வயதுச் சிறுமி, "பாட்டி, விளக்கை அணைக்கட்டுமா?" என்று கேட்டாள். பாட்டியார் திடுக்கிட்டு, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது! அணைக்கிறதாவது! குளிர வைக்கட்டுமா என்று கேள், தாயே" என்றார். சிறுமி அங்ஙனமே கேட்டாள். உத்தரவும் கிடைத்தது. வாயால் ஊதப் போனவளைப் பாட்டியார் மீண்டும் தடுத்து, ஒரு பூக்காம்பினால் திரியைப் பின்னுக்கிழுத்து எண்ணெயில் அமிழ்த்தினார். சுடர் ஓசையின்றி அடங்கிற்று.

சொல்லும் செயலும் இங்கே ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காண்க. ஊதி அவித்தால் அது கொல்லுதல் போன்றது. திரியை எண்ணெய்க்குள் இழுத்தால் சுடர் தன் உணவிலேயே ஒடுங்குகின்றது. ஆதலின் 'குளிர்தல்' என்பது முழுப்பொய்யும் அன்று. இவ்விடத்துச் சிலர் 'அமர்த்து' என்பர். சிலர் 'மலையேற்று' என்பர். அருள் வந்தாடுவோர்மீதிருந்து தெய்வம் நீங்குதலையும் 'மலையேறிற்று' என்றே நாட்டார் கூறுவராகலின், விளக்கின் ஒளியும் அழிவதன்று, தன் இடத்திற்குத் திரும்புவது என்னும் கருத்து அச்சொல்லில் அமைந்திருக்கின்றது. எண்ணெய் தீர்ந்து தானே அடங்கிய விளக்கை 'நிறைந்தது' என்பாரும் உளர்.

வேடிக்கை யாதெனின், இத்துணையும் எண்ணெய் விளக்கிற்கே உரியது. அச்சிறுமியை அதட்டிய பாட்டியாரே, அடுத்த கணத்தில் எம்மை நோக்கி, "தம்பி, வாசல் லைட்டை அணைச்சிட்டு வந்து படு" என்றார். மின்விளக்கை அணைப்பதில் அமங்கலம் ஏதுமில்லை போலும்! யாம் அதனைச் சுட்டிக்காட்டியபோது, "அது கரண்டு, இது விளக்கு" என்று விடையிறுத்தார். அவ்விடையில் நியாயம் உண்டு. சொல்லுக்கு அஞ்சுவோர் எல்லாவற்றிற்கும் அஞ்சுவதில்லை. குடும்பத்தின் வாழ்வோடு இணைத்து எண்ணப்பட்ட பொருளுக்கே அஞ்சுவர்.

இதன்பின் யாம் பாட்டியாரின் பேச்சைக் கூர்ந்து கேட்கலானோம். அரிசிப் பானை வெறுமையானால் அவர் 'அரிசி இல்லை' என்று ஒருநாளும் கூறுவதில்லை. "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்" என்பார். முன்பாதியை மட்டும் கேட்டுப் போவோர் ஏமாறுவர். பின்பாதியே பொருளைக் காட்டும். தாலிச்சரடு இற்றுப்போயின் 'அறுந்தது' என்னாது 'பெருகிற்று' என்பர். புதுச்சரட்டில் கோத்தணிதலைத் 'தாலி பெருக்கிப் போடுதல்' என்பர். ஆடி பதினெட்டாம் பெருக்கன்று அதனைச் செய்வோர் பலர். ஆற்றின் பெருக்கும் சரட்டின் பெருக்கும் ஒரே சொல்லாற் சுட்டப்படுதல் கருதத்தக்கது. நாம் நாள்தோறும் வீட்டைப் 'பெருக்குகின்றோமே', அதுவும் இவ்வினத்ததே என்று கருத இடமுண்டு. கூட்டித் தள்ளுதல் குறைத்தலாயிருக்க, அதற்குப் பெருகச் செய்தல் என்று பெயரிடுவானேன்? இன்று துடைப்பம் எடுப்போர் எவரும் அதை மங்கலச் சொல்லென்று நினைப்பதில்லை. நெடுநாள் வழங்கியதால் மங்கலம் தேய்ந்து, வெறும் பெயராய் எஞ்சிவிட்டது.

களத்து நெல்லை மரக்காலால் அளப்போர், முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாது 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'இரண்டு' என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகின்றது. பண்டிகைக்கும் நன்னாளுக்கும் உரிய மங்கலச் சொற்கள் மறைப்பனவல்ல, எதிர்மாறாய்ச் சொல்வன. குறைந்ததை நிறைந்தது என்றும், அறுந்ததைப் பெருகிற்று என்றும், போவதை வருவது என்றும் கூறுவன. 'அறுந்தது' என்று சொன்னால் அறுதல் தொடரும். ஆதலின் 'பெருகிற்று' என்று சொல்லிப் பெருக்கத்தைத் தொடரச் செய்க என்பது அதன் உட்கிடை. இங்கே சொல் விதைபோலக் கருதப்படுகின்றது.

'போய் வருகிறேன்' என்பதைப் பற்றி ஒன்று சொல்லி மேற்செல்வோம். இஃது இக்காலத்து வெறும் முகமனாய்ப் போயிற்று என்று நம் நண்பர் சிலர் வாதிடுவர். அங்ஙனமன்று என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. துக்க வீட்டிலிருந்து புறப்படுவோர் யாதும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து செல்கின்றனர். அங்கே 'வருகிறேன்' என்பது மீண்டும் அத்தகைய வருகை நேர்க என்று வேண்டுவதாய் முடியும். வெறும் முகமனாயின் எங்கும் சொல்லலாகும். ஓரிடத்தில் சொல்லலாகாது என்னும் விலக்கு உள்ளவரையில் அச்சொல்லுக்கு உயிர் இருக்கின்றதென்றே கொள்ளல் வேண்டும். கிறிஸ்தவ வீடுகளிலும் இவ்விலக்கு அப்படியே உளது. அவ்வீடுகளில் மரித்தாரைக் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று கல்லறையில் எழுதுகின்றோம். துஞ்சுதல் என்பதற்கும் உறங்குதல் என்பதே பொருள். அடக்கஞ்செய்யும் இடத்தைக் 'கல்லறைத் தோட்டம்' என்கின்றோம். சுடுகாட்டை நன்காடு என்றவர் இதனைக் கேட்பின் தம் வழக்கே என்று மகிழ்ந்திருப்பர்.

நிற்க. இரவிற்கு உரிய சொற்கள் வேறு வகையின.

பொழுது சாய்ந்தபின் 'பாம்பு' என்று சொல்லலாகாது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிற் பிறந்த எவரும் அறிவர். 'பூச்சி' என்பர், 'கயிறு' என்பர், 'நல்லது' என்பர். படமெடுக்கும் பாம்பிற்கு 'நல்ல பாம்பு' என்பதே பகலிலும் பெயராய் அமைந்துவிட்டது. இங்கே எதிர்மாறு கூறும் முறை பெரும்பாலும் இல்லை. பாம்பைக் 'கயிறு' என்பதனால் அது கயிறாகுமென்று எவரும் நம்புவதில்லை. பின் என்னை? பெயரைச் சொன்னால் அது செவியுற்று வரும் என்பதே அச்சம். நன்னாளில் சொல் விதை. நள்ளிரவில் சொல் அழைப்பு. விதைக்கு அஞ்சுவோன் வேறு விதை இடுகின்றான். அழைப்பிற்கு அஞ்சுவோன் ஆள் தெரியாதபடி பேசுகின்றான். மேற்சொன்ன இருவகை அச்சம் இவையே. வங்க நாட்டுக் கிராமத்தாரும் இரவிற் பாம்பைக் கொடி என்னும் பொருள்பட 'லதா' என்பர். உருசியர் கரடியைத் தேன் தின்னி என்னும் பொருளுடைய 'மெத்வேத்' என்னும் சொல்லாற் சுட்டுவர். அதன் பழம்பெயர் அவர் மொழியில் வழக்கிறந்தது. இருட்டுக்கு அஞ்சுவதில் மக்கள் எங்கும் ஒரு தன்மையரே.

எதிர்மாறான சொல்லால் நேரும் தீங்கு சிறிது. கடைக்குப் போவோர் அரிசி வாங்காமல் திரும்புவர், அவ்வளவே. ஆள் தெரியாதபடி பேசும் சொல்லோ, கேட்போனுக்கும் ஆள் தெரியாமற் செய்துவிடும். அவ்விடுமுறையில் எம் வீட்டிலேயே அது நேர்ந்தது.

புத்தாண்டு கழிந்த மூன்றாம் நாள். எம் சிற்றப்பா வெளித்திண்ணையில், தரையிற் பாய் விரித்துப் படுத்திருந்தார். இரவு ஒரு மணிக்கு மேல், முழங்கையருகே ஏதோ சுருக்கென்றதாகக் கூறி எழுந்தார். வலி பெரிதாக இல்லை. விளக்கிட்டுப் பார்த்தும் பற்குறி தெளிவாய்த் தெரியவில்லை. பாட்டியார் மட்டும், கருத்த உடலில் வெள்ளைக் கட்டுக்கள் கொண்ட ஒன்று படியோரமாய் ஊர்ந்து செல்வதைக் கண்டிருந்தார். கண்டும் அவர் வாயில் வந்தது, "ஏதோ பூச்சி தீண்டிட்டுப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பதே.

அருகிலுள்ள சிறு மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றோம். அங்கே இரவுப் பணியிலிருந்த இளைஞர் வேற்றூரார். என்ன நேர்ந்தது என்று அவர் கேட்க, உடன் சென்ற உறவினர் பாட்டியார் சொல்லியபடியே, "பூச்சி கடித்துவிட்டது" என்றார். அவரும் பூச்சிக்கடிக்கு இடும் ஊசி ஒன்றை இட்டு, மாத்திரை கொடுத்து, காலையில் வரச்சொல்லி அனுப்பிவிட்டார். அவரைக் குறை கூற எமக்கு மனமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது பூச்சி. அவர் கண்டதும் சிறு தடிப்பு.

விடியற்காலை நான்கு மணியளவில் சிற்றப்பாவிற்கு வயிறு பிசைவது போல் வலித்தது. சிறிது நேரத்தில் கண்ணிமைகள் தாமே சரிந்தன; தூக்கமோ என்று எண்ணினோம். தண்ணீர் கொடுத்தபோது விழுங்க முடியவில்லை, நாக்குக் குழறிற்று. அப்போதுதான் அச்சம் பிறந்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு விரைந்தோம். அங்கிருந்த டாக்டர் அம்மையார் இமைகளைக் கண்டமாத்திரத்தில், "பூச்சி என்றீர்களே, பார்த்தது யார்?" என்று வினவினார். பாட்டியார் முன்வந்து, "நான் பார்த்தேன், அம்மா" என்றார். "எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு, சன்னல் வழியே பொழுது புலர்ந்திருப்பதை ஒருமுறை நோக்கிவிட்டு, மெல்லிய குரலில், "கட்டுவிரியன்" என்றார்.

கட்டுவிரியனின் இயல்பை அந்த அம்மையார் பின்னர் எமக்கு விளக்கினார். அது பெரும்பாலும் இரவிற் கடிப்பது. தரையில் உறங்குவோரையே மிகுதியும் கடிப்பது. அதன் பற்கள் சிறியன. ஆதலின் குறியும் வீக்கமும் வலியும் இல்லாமலே போகலாம். நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கின்றது. முதலில் இமை சரியும். பின் தொண்டையும் நாவும் தளரும். முடிவில் மூச்சுவிடும் தசைகள் ஓயும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கன் நஞ்சுக்கும் பொதுவான மாற்று மருந்து ஒன்றே நம் நாட்டில் வழங்குகின்றது. குதிரையின் இரத்தத்திலிருந்து அஃது எடுக்கப்படுகின்றது. நஞ்சு நரம்பைப் பற்றுமுன் அது செல்ல வேண்டும். பற்றியபின் செல்லும் மருந்து கட்டுவிரியன் விஷயத்தில் முழுப்பயன் தருவதில்லை. கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாயே வீங்கிச் சான்று கூறும். கட்டுவிரியன் கடிக்கோ கண்டவர் வாய்ச்சொல்லே பெருஞ்சான்று. அந்தச் சான்றைத்தான் எம் வீட்டில் மங்கலங் கருதி மாற்றிச் சொல்லியிருந்தோம்.

சிற்றப்பாவிற்கு மாற்று மருந்து ஏற்றப்பட்டது. ஆயினும் மூச்சுத் தளர்ந்தமையின் மூன்று நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியோடு கிடந்தார். நான்காம் நாள் இமை திறந்தார். பத்தாம் நாள் வீடு திரும்பினார்.

அத்தனை நாட்களும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து, நடந்ததை எண்ணிப் பார்த்த யாம், தமிழ் மாணவரானமையின் ஒன்றைக் கவனித்து வருந்தினோம். பாட்டியார் பெயரை மறைத்தாரேனும் வினையை மறைக்கவில்லை. அவர் 'தீண்டிட்டு' என்றார். பூச்சி கடிக்கும், தேள் கொட்டும், குளவியும் கொட்டும், தீண்டுதல் பாம்பிற்கே எம் பக்கத்தில் உரியது. 'பூச்சி தீண்டிற்று' என்று எம்மூர் முதியோர் எவர் கூறினும், மற்றொரு முதியவர் அக்கணமே பாம்பென்று உணர்ந்துகொள்வர். மறைத்துச் சொல்வோரும் மறையாது கேட்போரும் ஒரே வழக்கை உடையவராயின் மங்கலச் சொல்லால் யாதொரு கேடும் இல்லை. அச்சொற்றொடரை இடையில் வாங்கிச் சென்ற உறவினர் பட்டணத்தில் வளர்ந்தவர். 'தீண்டிட்டு' என்பதை அவர் தம் வழக்கிற்கேற்பக் 'கடித்துவிட்டது' என்று மாற்றினார். எஞ்சியிருந்த ஒரே குறிப்பும் அவ்வளவில் அழிந்தது. மருத்துவமனை இளைஞரை வந்தடைந்தபோது அது வெறும் பூச்சியே. யாமும் அருகே நின்றிருந்தோம். நன்னூலில் மங்கலத்திற்கு முழு மதிப்பெண் பெற்ற எமக்கும் அவ்வேளையில் அது தோன்றவில்லை.

பாட்டியாரிடம் ஒருநாள், "வேதம் படிக்கிற நீங்கள் பாம்பின் பெயருக்கு அஞ்சலாமா?" என்று கேட்டுவிட்டோம். கேட்டபின் கேட்டிருக்கலாகாது என்று பட்டது. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "பயமில்லை, ராசா. சின்ன வயசிலிருந்து நாக்கு அப்படியே பழகிப்போச்சு. சொல்லணும்னு நினைச்சேன், வரலை" என்றார். இந்நிலையை எவ்விலக்கண நூலாரும் எடுத்தோதியதாக எமக்குத் தெரியவில்லை. அச்சம் நீங்கியபின்னும் சொல் நாவில் நின்றுவிடுகின்றது.

இப்போது அந்த டாக்டர் அம்மையார், இரவில் பூச்சிக்கடி என்று வருவோரிடம் பாம்பா என்று வினவுவதில்லையாம். அங்ஙனம் வினவின் கிராமத்து முதியோர் 'இல்லை, இல்லை' என்றே பதறிக் கூறுகின்றனராம். "கடித்ததா, தீண்டியதா?" என்றே கேட்கின்றாராம். இதனைப் பாட்டியார்தாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எம் வீட்டுத் திண்ணையில் இப்போது கட்டிலும் கொசுவலையும் போடப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் யாம் ஊருக்குச் சென்றிருந்த ஓர் இரவில், கொல்லைப்புறம் போகப் புறப்பட்ட சிற்றப்பாவை நோக்கிப் பாட்டியார், "டார்ச்சு எடுத்துக்கோ, பூச்சி கெடக்கும்" என்றார். பின்னர் எம்மைத் திரும்பிப் பார்த்து, சிறிது தயங்கி, "பாம்பு" என்றார்.